லாபம் ஐந்து லட்சம், கையில் நாற்பத்தோராயிரம்

"சார், திருப்பாதிரிப்புலியூரில் பிளம்பிங் சாமான், ஹார்டுவேர் கடை வைத்து ஒரு வருஷம் முடிந்தது. மார்ச் 31 வரைக்கும் லாபம் 5,01,000 என்று ஆடிட்டர் கணக்கு முடித்துக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு பேங்கிலும் கல்லாவிலும் சேர்த்து என்னிடம் இருந்தது 41,000. மீதி எங்கே என்று வீட்டில் கேட்கிறார்கள், எனக்கும் சொல்லத் தெரியவில்லை. போன ஜூன், ஜூலையில் வியாபாரமே குறைவு, ஆனால் கணக்கில் மூன்று லட்சத்துக்கு மேல் கிடந்தது. ஆடிட்டர் தப்பு பண்ணிவிட்டாரா, இல்லை கடைப் பையன் மேல் சந்தேகப்படணுமா? கையில் இல்லாத பணத்துக்கு வரி வேறு கட்டணுமா? பேலன்ஸ் ஷீட், பாக்கி லிஸ்ட் இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்."
— கடலூர் வாசகர்

கடைப் பையனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், பாவம். ஆடிட்டரும் கூட்டல் கழித்தலில் தப்பு செய்யவில்லை. நீங்கள் அனுப்பிய தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், ஒவ்வொரு ரூபாயும் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிட முடிகிறது, ஒரே ஒரு எண்ணைத் தவிர. அந்த எண்ணுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு பில்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்கள் பாக்கி லிஸ்ட்டில் மார்ச் 28 தேதியிட்டு 59,000 ரூபாய்க்கு ஒரு பில் இருக்கிறது, ஏதோ வீட்டு வேலைக்கு ஒரு கான்ட்ராக்டர் பைப்பும் ஃபிட்டிங்ஸும் தண்ணீர் டேங்கும் எடுத்துப் போயிருக்கிறார். சாமானின் விலை 50,000, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 9,000. வருஷம் முழுக்க உங்களுக்கு நின்ற லாப விகிதத்தில் பார்த்தால் இந்தச் சரக்கை நீங்கள் 40,000-க்கு வாங்கியிருப்பீர்கள், அதோடு 7,200 ஜிஎஸ்டி, ஆக உங்கள் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது 47,200.

சரக்கு டாட்டா ஏஸில் ஏறி பில் கிழித்த அந்த நிமிடமே, கணக்கு உங்களுக்குப் பத்தாயிரம் லாபம் எழுதிவிட்டது. பணம் வந்ததா என்று அது கேட்பதில்லை. சரக்கு கைமாறிவிட்டது, பணம் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது, அது போதும் அதற்கு. பேங்க் பாஸ்புக்கோ நேர் எதிர், அதற்கு உரிமையெல்லாம் தெரியாது, வந்தால் வரவு, போனால் செலவு. அன்றைக்கு சாயங்காலம் பாஸ்புக்கில் இந்த பில்லைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை.

இதோடு நின்றாலும் பரவாயில்லை. ஏப்ரலில் என்ன நடக்கிறது பாருங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் மார்ச் மாத ஜிஎஸ்டியை ஏப்ரல் 20-க்குள் கட்ட வேண்டும். வாங்கிய 9,000-லிருந்து கொடுத்த 7,200-ஐக் கழித்தால் 1,800. வாங்கிய 9,000 என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், நீங்கள் இன்னும் வாங்கவே இல்லை, பில்லில் எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். வரிக்கு அது போதும். மொத்த வியாபாரி முப்பது நாள் தவணை கொடுத்திருந்தால் அவருக்கு 47,200 போக வேண்டும். ஆக லாபம் பத்தாயிரம் எழுதப்பட்ட அதே பில்லுக்காக ஏப்ரல் முடிவதற்குள் உங்கள் கையிலிருந்து 49,000 வெளியே போயிருக்கும். கான்ட்ராக்டர் ஜூன் மாதம் வந்து 59,000 கொடுத்தால் அன்றைக்குத்தான் அந்தப் பத்தாயிரம் பணமாக மாறுகிறது. ஒருவேளை அவர் தலையைச் சொறிந்துகொண்டு "அண்ணே, ஐம்பத்தஞ்சா முடிச்சுக்கலாம்" என்று சொல்லி, நீங்களும் பழகின ஆளாயிற்றே என்று விட்டுக்கொடுத்தால், அவருக்கு அது 59-ல் 4 தள்ளுபடி, உங்களுக்கோ பத்தில் நான்கு போய்விட்டது.

இதே மாதிரி பில்களை நூற்றுக்கணக்கில் அடுக்கினால் உங்கள் ஒரு வருஷம். இப்போது முழுக் கணக்குக்கு வருகிறேன், பயப்படாதீர்கள், எண்கள் கொஞ்சம்தான்.

கடைக்குள் வந்த பணத்தை முதலில் பார்ப்போம். உங்கள் கைக்காசு 8 லட்சம், பேங்க் கடன் 5 லட்சம். லாபம் 5,01,000. இதில் 25,000 கூட்டிக்கொள்ளுங்கள், அது ரேக், கவுன்ட்டர் மேல் ஆடிட்டர் கழித்திருக்கும் தேய்மானம். இரண்டரை லட்சத்தில் பத்து சதவீதம் பழசாகிவிட்டது என்று எழுதுகிற செலவு அது, அந்த 25,000-ஐ யாருக்கும் நீங்கள் கொடுக்கவில்லை, லாபம்தான் குறைந்தது, பணம் குறையவில்லை. அப்புறம் மொத்த வியாபாரிகளுக்கு நீங்கள் இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கும் பாக்கி 5,71,000. கொடுக்காத பணமும் ஒரு வகையில் வந்த பணம்தான். எல்லாம் சேர்த்தால் 23,97,000.

கிட்டத்தட்ட இருபத்து நான்கு லட்சமான இந்தப் பணத்தில் பத்து லட்சம் உங்கள் ரேக்கில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் கேட்டால் முதலில் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்ட வேண்டிய இடம் அதுதான். சரக்கு வாங்கக் கொடுத்த பணம் செலவுக் கணக்கில் வராது, விற்ற சரக்கின் வாங்கிய விலை மட்டும்தான் வரும். போன வருஷம் நீங்கள் கிட்டத்தட்ட 48.4 லட்சத்துக்குச் சரக்கு வாங்கினீர்கள், அதில் 38.4 லட்சத்துக்கான சரக்குதான் கடையை விட்டு வெளியே போனது, 48 லட்சத்துக்கு விற்றது. லாப நஷ்டக் கணக்கு அந்த 38.4-ஐ மட்டும் கழித்தது. மீதிப் பத்தும் பேங்கிலிருந்து போய்விட்டது, லாபத்திலிருந்து போகவில்லை. இந்த எண்களெல்லாம் ஜிஎஸ்டி இல்லாதவை, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஓடுவது ஜிஎஸ்டியோடு சேர்ந்த தொகை. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இந்த வியாபாரத்தில் சரக்கு முடங்குவது கண்ணுக்கே தெரியாது. அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் எல்போவும் டீயும் காலையில் வைத்தால் மதியம் காணாது. ஒன்றேகால் இஞ்ச் யூனியனும், யாரோ ஒரு மேஸ்திரி கேட்டார் என்று பெட்டியாக வாங்கிய பித்தளை வால்வும், ஸ்கீமில் பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று எடுத்த ஷவர் செட்டும் வருஷக்கணக்கில் தூசி படிந்து நிற்கும். பேலன்ஸ் ஷீட் இரண்டையும் ஒரே "ஸ்டாக்" என்றுதான் எழுதும். கணக்கு விதி, வாங்கிய விலை அல்லது இன்றைக்கு விற்றால் கிடைக்கும் விலை, இதில் எது குறைவோ அதைப் போடச் சொல்கிறது. மாடல் பழசாகி, போட்ட விலைக்கே போகாத குழாய்களை வாங்கிய விலையிலேயே ஸ்டாக்கில் ஏற்றியிருந்தால் அந்த லாபத்தில் கொஞ்சம் காற்றுதான்.

அடுத்து, ஊரில் நிற்கும் பாக்கி 5,40,000. இது சரக்கை விட ஆபத்து, ஏனென்றால் சரக்கு இரவில் பூட்டிய ஷட்டருக்குள் இருக்கிறது, இது மற்றவர் பையில் இருக்கிறது. உங்கள் லிஸ்ட்டைப் பார்த்தபோது ஒரு பெயரில் மட்டும் 1,85,000 நிற்கிறது, அதில் பழைய பில் செப்டம்பர் மாதத்தது. அவர் பணமே தரவில்லை என்று இல்லை. அக்டோபரில் 20,000, ஜனவரியில் 20,000, பிப்ரவரியில் 15,000 கொடுத்திருக்கிறார், நடுவில் புதுச் சரக்கும் எடுத்துக்கொண்டே இருக்கிறார். பில் 23,640-க்கு இருக்கும்போது ஒருவர் ரவுண்டாக 20,000 கொடுத்தால் அவர் அந்த பில்லை முடிக்க வரவில்லை, அடுத்த சரக்கை எடுக்க வந்திருக்கிறார். இந்த அடையாளம் ஒன்று போதும், வராத பாக்கியை ஆறு மாதம் முன்பே மோப்பம் பிடித்துவிடலாம். வாங்கும் பணத்தை எந்த பில்லுக்கு என்று குறித்து வரவு வையுங்கள், சும்மா "வரவு 20,000" என்று எழுதாதீர்கள், அப்படி எழுதினால் எது பழைய பாக்கி என்பதே மறைந்துபோகும்.

அந்த 1,85,000-இல் உங்கள் லாபம் முப்பதாயிரம் சொச்சம்தான். மீதி ஒன்றரை லட்சத்துக்கு மேல் உங்கள் கைக்காசு: சரக்குக்குக் கொடுத்தது, அரசாங்கத்துக்கு ஜிஎஸ்டியாகப் போனது. பணம் வராமலே போனாலும் கட்டிய ஜிஎஸ்டியை வாராக்கடன் என்று சொல்லித் திரும்ப வாங்க நம் சட்டத்தில் வழி கிடையாது. அந்த ஒன்றரை லட்சத்தைப் புதுசாகச் சம்பாதிக்க, நூற்றுக்கு இருபது நிற்கும் உங்கள் கடையில் இன்னும் ஏழரை லட்சத்துக்கு மேல் விற்க வேண்டும். அதுவும் வாடகை, சம்பளம் கழிப்பதற்கு முன்னால். அந்த ஆளுக்கு அடுத்த தடவை "எடுத்துட்டுப் போங்க, எழுதிக்கிறேன்" என்று சொல்லும் முன் இந்த ஏழரை லட்சம் ஞாபகத்துக்கு வரட்டும்.

மற்றவை எல்லாம் சின்னச் சின்ன இடங்கள். கடைக்கு அட்வான்ஸ் 1,50,000, அது காலி செய்யும்போது திரும்ப வரும் பணம், அதனால் செலவில் வராது, ஆனால் இன்றைக்குக் கையில் கிடையாது. ரேக், கவுன்ட்டர் 2,50,000, அதில் 25,000 தான் இந்த வருஷச் செலவு என்று மேலே சொல்லிவிட்டேன்.

பேங்க் கடனுக்கு மாதம் 10,870 வீதம் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1,30,000 கட்டியிருக்கிறீர்கள். அதில் வட்டி 51,000 மட்டும் லாபத்தில் கழிந்திருக்கிறது. மீதி 79,000 அசல், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது செலவு ஆகாது, கடன் வாங்கியபோது வந்த 5 லட்சம் எப்படி வருமானம் ஆகவில்லையோ அப்படி. இன்னொரு விஷயம், தவணைத் தொகை ஒன்றேதான் என்றாலும் வருஷம் போகப் போக அதற்குள் வட்டி குறைந்து அசல் கூடும். அதாவது அடுத்த வருஷம் அதே பணம் போகும், செலவாக எழுதப்படுவது குறையும், லாபம் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். அப்போது மறுபடி எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

வீட்டுக்கு எடுத்தது 3 லட்சம். மாதம் இருபதாயிரம், அதோடு ஜூன் மாதம் பள்ளிக்கூட ஃபீஸ் 60,000 கடைக் கணக்கிலிருந்தே போயிருக்கிறது. நீங்கள் தனி ஆள் பெயரில் நடத்தும் கடை, உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுச் செலவில் எழுத முடியாது. எடுத்ததெல்லாம் நீங்கள் போட்ட முதலிலிருந்து எடுத்ததாகத்தான் போகும். கடைப் பையனுக்குச் சம்பளமாகக் கொடுத்த 1,44,000 செலவு, நீங்கள் எடுத்த 3 லட்சம் செலவில்லை. இது அநியாயமாகப் படும், ஆனால் அந்த 5,01,000 என்பதே உங்கள் உழைப்புக்கும் போட்ட முதலுக்கும் சேர்த்து மிஞ்சியதுதான். அதில் மூன்று லட்சத்தை ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று என்று வீட்டில் சொல்லுங்கள், அதாவது மெதுவாகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஜிஎஸ்டியில் நிற்கும் 37,000. இது நிறையப் பேர் கவனிக்காத இடம். ஒரு பகுதி, விற்றதை விடக் கொஞ்சம் அதிகமாக வாங்கியதால் மிஞ்சிய வரி. பெரிய பகுதி வாடகையால் வந்தது. கடை ஓனருக்கு ஜிஎஸ்டி பதிவு கிடையாது, உங்களுக்கு உண்டு. அப்படி இருந்தால் 2024 அக்டோபர் 10 முதல், வாடகை மேல் 18 சதவீதத்தைக் கடையை வாடகைக்கு எடுத்தவரே அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். 15,000 வாடகைக்கு மாதம் 2,700. இதை, சரக்கு வாங்கும்போது கொடுத்த வரி சேர்ந்து நிற்கும் கிரெடிட்டில் கழிக்க விடமாட்டார்கள், பணமாகவே கட்ட வேண்டும். கட்டியது உங்கள் கிரெடிட்டில் ஏறிக்கொள்ளும், செலவில் வராது. போன வருஷம் சரக்கு வாங்கிக் குவித்ததால் அந்த கிரெடிட்டைப் பயன்படுத்த வேலையே வரவில்லை, அப்படியே தேங்கிவிட்டது. உங்களைப் போன்ற கடைக்கு அதை ரீஃபண்டாகக் கேட்கவும் முடியாது, வருகிற மாதங்களில் விற்பனை வரிக்குக் கழித்துக்கொள்ளத்தான் முடியும். மார்ச் 28 பில்லுக்கு 1,800 போகும் என்று சொன்னேனே, அது நிஜத்தில் இந்த கிரெடிட்டில்தான் கழிந்திருக்கும். ஆனால் இந்த கிரெடிட்டும் முன்னாடியே நீங்கள் கொடுத்த பணம்தானே.

புதுச்சேரி மொத்த வியாபாரியிடம் வாங்கிய பில்களில் ஐஜிஎஸ்டி என்று இருப்பதைப் பார்த்து அதைக் கழிக்க முடியாதோ என்று பக்கத்தில் பேனாவால் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான் என்றாலும் சட்டப்படி அது வேறு பிரதேசம், அதனால் ஐஜிஎஸ்டி. தாராளமாகக் கழிக்கலாம்.

சரி, கூட்டிப் பாருங்கள். சரக்கு 10,00,000, பாக்கி 5,40,000, அட்வான்ஸ் 1,50,000, ரேக் 2,50,000, கடன் அசல் 79,000, வீடு 3,00,000, ஜிஎஸ்டி 37,000. மொத்தம் 23,56,000. வந்த 23,97,000-இல் இதைக் கழித்தால் 41,000. உங்கள் பேங்கும் கல்லாவும் சொன்ன அதே எண்.

ஜூன், ஜூலையில் மூன்று லட்சம் கிடந்த மர்மமும் இதிலேயே இருக்கிறது. கடை திறந்த புதிதில் மொத்த வியாபாரிகள் ஆளைப் பிடிக்க முதல் லோடுக்கு நீண்ட தவணை கொடுத்திருப்பார்கள். கவுன்ட்டரில் அன்றாடம் ரொக்கமும் ஜிபேயும் விழுந்துகொண்டிருந்தது, கான்ட்ராக்டர்கள் கடன் கேட்கும் அளவுக்கு இன்னும் பழகவில்லை. அந்த மூன்று லட்சம் மொத்த வியாபாரிகளின் பணம், உங்கள் கணக்கில் கொஞ்ச நாள் தங்கிப் போனது. அதைப் பார்த்துத்தான் பள்ளிக்கூட ஃபீஸைக் கடைக் கணக்கில் கட்டினீர்கள் என்று நினைக்கிறேன். நானும் இதில் யோக்கியன் இல்லை. ஆபீஸ் திறந்த முதல் வருஷம் மூன்று பேர் முன்பணம் கொடுத்தார்கள் என்று ஏசி வாங்கி மாட்டினேன். அந்த வருஷ ரிட்டர்ன் வேலை முடிகிற நேரத்தில் ஆபீஸ் பையனுக்குச் சம்பளம் கொடுக்க மனைவியிடம் கைமாற்று வாங்கினேன், அதே ஏசியின் கீழ் உட்கார்ந்துகொண்டு.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டிய எண் 5,01,000-உம் இல்லை, 41,000-உம் இல்லை. மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய 5,71,000 தான். அதில் பெரும்பகுதி ஏப்ரல், மே மாதங்களில் கொடுக்க வேண்டியது, கையில் இருந்ததோ 41,000. அந்தப் பணம் ஊரில் நிற்கும் பாக்கியிலிருந்து வந்தாக வேண்டும். வராவிட்டால் மொத்த வியாபாரி சரக்கை நிறுத்துவார். ஆறு மாதம் தாண்டினால் இன்னொரு தலைவலியும் உண்டு: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காத சரக்குக்கு நீங்கள் எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், பணம் கொடுத்த பிறகுதான் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

நம்ம ஊரில் இதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் மழை, கடலூருக்கு மழை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டட வேலை நின்றுவிடும், வேலை நின்றால் கான்ட்ராக்டருக்கு வீட்டுக்காரர் பணம் தரமாட்டார், கான்ட்ராக்டர் உங்களுக்குத் தரமாட்டார். வாடகை, அதன் ஜிஎஸ்டி, சம்பளம், கரன்ட்டு, தவணை, வீட்டுக்கு எடுப்பது எல்லாம் சேர்த்தால் உங்களுக்கு மாதம் 65,000-க்குப் பக்கத்தில் வருகிறது, மழைக்காக இதில் எதுவும் குறையாது. ஆகவே ஆவணி, புரட்டாசிக்குள் பாக்கியைச் சுருக்கி, குறைந்தது இரண்டு மாதச் செலவு, ஒரு லட்சத்து முப்பதாயிரமாவது, கையில் ரொக்கமாக இருக்க வேண்டும். இப்போதிருந்தே சனிக்கிழமை கடை சாத்தும் முன் ஒரு நோட்டில் மூன்று எண் எழுதுங்கள்: கையிலும் பேங்கிலும் இருப்பது, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது. வர வேண்டியதை எழுதும்போது 45 நாள் தாண்டியதைத் தனியாக எழுதுங்கள். நாலு வாரம் எழுதினாலே எது ஏறுகிறது எது இறங்குகிறது என்று தெரிந்துவிடும், ஆடிட்டருக்காக வருஷக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். பழைய பில் முடியாமல் புது பில் கிடையாது என்பதை அந்த 1,85,000 ஆளிடம் மட்டுமாவது இந்த வாரமே ஆரம்பியுங்கள். அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனால் போகட்டும், அங்கேயும் கடன்தான் வைப்பார்.

வரி விஷயம் சுருக்கமாக: வருமானம் இந்த லாபம் மட்டும்தான், புதிய வரி முறையில்தான் இருக்கிறீர்கள் என்றால் 2025-26 வருமானத்துக்கு 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வருமான வரி ஒன்றுமில்லை. 4 லட்சம் தாண்டிவிட்டதால் ரிட்டர்ன் மட்டும் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும். பின்னால் லாபம் வளர்ந்தால் அப்போது பணம் வந்ததா என்று வருமான வரியும் கேட்காது என்பது வாஸ்தவம்.

இப்போது நான் தள்ளிவைத்த அந்த ஒரு எண். உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் ஸ்டாக் 10,00,000 என்று இருக்கிறது. பத்து லட்சம், நூறு ரூபாய் முன்னே பின்னே இல்லை. ஆயிரக்கணக்கான ஃபிட்டிங்ஸ் இருக்கும் கடையில் எண்ணிப் பார்த்த ஸ்டாக் அப்படி முழுசாக வராது. ஆடிட்டர் ஆபீசிலிருந்து போன் வந்திருக்கும், "ஸ்டாக் எவ்வளவு போடலாம் சார்?" என்று, நீங்களும் கவுன்ட்டரில் நின்றபடியே ரேக்கைத் திரும்பிப் பார்த்து "ஒரு பத்து இருக்கும்" என்று சொல்லியிருப்பீர்கள். எத்தனையோ கடைகளில் இதுதான் நடக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

அது ஏன் முக்கியம் என்றால், லாபமே அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. வாங்கிய சரக்கிலிருந்து ஸ்டாக்கைக் கழித்துத்தான் "விற்ற சரக்கின் விலை" என்று எழுதுகிறார்கள். நிஜத்தில் ரேக்கில் இருந்தது 9,20,000 தான் என்றால் உங்கள் லாபம் 5,01,000 இல்லை, 4,21,000. பேங்கில் மட்டும் அதே 41,000 தான் இருக்கும். மேலே நான் கூட்டிக் கழித்து 41,000 என்று டாலி ஆனதே, அது அப்போதும் டாலி ஆகும், ஸ்டாக்கில் எண்பதாயிரம் குறையும், லாபத்திலும் அதே எண்பதாயிரம் குறையும். அதனால் அந்தக் கூட்டல் சரியாக வந்ததை வைத்து ஸ்டாக் சரி என்று சொல்ல முடியாது. எண்பதாயிரம் குறைந்தால் அது எங்கே போனது என்பது அடுத்த கேள்வி: உடைந்ததா, பில் போடாமல் மேஸ்திரிக்குக் கொடுத்து எழுத மறந்ததா, வாங்கிய விலையை விடக் குறைத்து விற்றதா, கைமறதியா, அல்லது நீங்கள் கேட்ட அந்தச் சந்தேகமா. எண்ணாமல் பையனைப் பற்றி ஒரு வார்த்தை பேச உங்களுக்கு உரிமையில்லை, எனக்கும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பையனையும் கூட வைத்துக்கொண்டே எண்ணுங்கள், அவர் எண்ண நீங்கள் எழுதுங்கள். எண்ணிக்கை ஒரு பக்கம், வாங்கிய பில்லில் உள்ள ஜிஎஸ்டி இல்லாத விலை இன்னொரு பக்கம். இன்றைக்கு எண்ணுவது மார்ச் 31 ஸ்டாக் ஆகாது, அதனால் வந்த தொகையோடு ஏப்ரல் 1 முதல் இன்றுவரை விற்ற சரக்கின் வாங்கிய விலையைக் கூட்டுங்கள், அதே நாட்களில் புதிதாக வாங்கியதைக் கழியுங்கள். விற்ற பில்களில் நூற்றுக்கு எண்பது என்று குத்துமதிப்பாகப் போடாதீர்கள், அந்த எண்பதே பத்து லட்சம் ஸ்டாக்கை நம்பி வந்த எண். பில்லில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் வாங்கிய விலையைப் பாருங்கள், இரண்டு நாள் வேலைதான். கிடைக்கும் தொகை பத்து லட்சத்திலிருந்து நன்றாக விலகியிருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன்பே அந்த லிஸ்ட்டை ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கணக்கைத் திருத்தச் சொல்லுங்கள்.